மூன்றாம் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் பத்திர எழுத்தர் கடை. காலை பத்தரை. பிரின்டரிலிருந்து சூடாக வந்த ஆறு பக்கங்களை எழுத்தர் மேஜைமேல் தட்டி ஒழுங்குபடுத்துகிறார். "டோக்கன் பதினொண்ணே காலுக்கு சார். பேரு, அப்பா பேரு, ஆதார் நம்பர் மூணும் சரியான்னு மட்டும் பாத்துக்குங்க. மத்ததெல்லாம் வழக்கமா போடுறதுதான்."

வாங்குபவர் தன் பெயரில் 'ள' சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார். அவர் மனைவி கதவு எண்ணைப் பார்க்கிறார். விற்பவர் போனில் யாரிடமோ, "இதோ, உள்ள போகப் போறோம்" என்கிறார். மூன்றாம் பக்கத்தில் தொகை பெற்றுக்கொண்ட வாசகமும், வில்லங்கம் இல்லை என்ற உறுதிமொழியும் இருக்கின்றன. ஐந்தாம் பக்கத்தில் சொத்து விவரம் இருக்கிறது. அந்த இரண்டு பக்கங்களும் யாராலும் படிக்கப்படாமலே கையெழுத்துக்குப் போகின்றன.

தமிழ்நாட்டில் 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு மனை வாங்கினால், 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம் என்று 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் அரசுக்கே போகிறது. அவ்வளவு கட்டியபின் தாளில் இருப்பதை அரசே சரிபார்த்துவிட்டது என்ற நம்பிக்கை பலருக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆனால் விற்பவருக்கு நிலத்தில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலேயே தெளிவாகச் சொன்னது. அப்படியானால் அதைப் பார்க்க வேண்டியவர் வாங்குபவர்தான். பார்ப்பதற்கு அவருக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு வரைவுப் பத்திரம்.

## ஒரு வரைவு, மூன்று ஓட்டைகள்

வழக்கறிஞர்களிடம் வரும் வரைவுகளில் அடிக்கடி தென்படும் குறைகள் மூன்று: எல்லை தெளிவாக இல்லாதது, பணம் எப்போது எப்படிக் கைமாறியது என்பது விளங்காதது, நிலத்தின்மேல் ஏற்கெனவே இருக்கும் உரிமைகளைப் பற்றிப் பேசாமல் விடுவது. மூன்றையும் ஒரே தாளில் பார்ப்பதற்காக இங்கே ஒரு மாதிரி வரைவை எடுத்துக்கொள்வோம். சர்வே எண்ணும் ஆட்களும் கற்பனை. குறைகள் மட்டும் நடப்பில் உள்ளவை.

ஊரை ஒட்டிய ஒரு கிராமத்தில் சர்வே எண் 142/3. பட்டாப்படி பரப்பு 0.09.50 ஹெக்டேர், அதாவது 950 சதுர மீட்டர். சென்ட் கணக்கில் ஏறக்குறைய 23½. கிழமேல் 38 மீட்டர், தென்வடல் 25 மீட்டர் கொண்ட செவ்வக நிலம். மேற்கில் ஊராட்சிச் சாலை, கிழக்கில் ஓடைப் புறம்போக்கு. உரிமையாளர் இதில் கிழக்குப் பக்கம் 10 சென்ட்டை, சென்ட் 6 லட்சம் வீதம் 60 லட்சத்துக்கு விற்கிறார். மேற்குப் பக்கத்தைத் தனக்கே வைத்துக்கொள்கிறார்.

வரைவில் உள்ள சொத்து விவரம் இப்படிப் போகிறது: 'சர்வே எண் 142/3-ல் கிழக்குப் பகுதியில் 10 சென்ட் மனைக்கு நான்கெல்லை: கிழக்கில் என் மீதி நிலம், மேற்கில் ஓடைப் புறம்போக்கு, வடக்கிலும் தெற்கிலும் பக்கத்துக்காரர்கள் நிலம். இதன் மத்தியில் கிழமேல் 50 அடி, தென்வடல் 82 அடி. மாமூல் வழிநடைப் பாத்தியம் உள்பட.'

ஐந்து வரிதான். ஆனால் அதற்குள் மூன்று வழக்குகளுக்கு இடம் இருக்கிறது.

## திசை மாறிய எல்லை

முதல் கோளாறு திசையில். விற்பவரின் மீதி நிலம் மேற்கில்தான் இருக்கிறது. வரைவு அதைக் கிழக்கில் வைக்கிறது. இது எப்படி நேர்ந்தது என்று கண்டுபிடிக்க, எழுத்தர் முன்னால் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்த குறிப்பைப் பார்த்தால் போதும். பழைய பத்திர நடையில் எல்லையை 'என் மீதி நிலத்துக்குக் கிழக்கு, ஓடைக்கு மேற்கு' என்று எழுதுவார்கள். விற்கப்படும் மனை மீதி நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது என்பது அதன் பொருள். புது நடையில் எழுதும்போது 'கிழக்கு' என்ற சொல்லைப் பார்த்து 'கிழக்கில் மீதி நிலம்' என்று மாற்றிவிட்டால் மனை கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிக்கொள்கிறது. முந்தைய பத்திரம் ஒரு நடையிலும் புது வரைவு வேறொரு நடையிலும் இருக்கும்போது இந்தப் பிழை மிக எளிதாக நுழைகிறது.

பதிவுக்கு முன் கண்டால் இது ஒரு நிமிட வேலை. பதிவுக்குப் பின் கதை வேறு. பத்திரத்தில் பரப்பு ஒன்றும் எல்லை ஒன்றும் சொன்னால், பொதுவாக எல்லைக்கே முன்னுரிமை என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் வழி. உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு பழைய வழக்கில் 1060 என்று இருக்க வேண்டிய மனை எண் 160 என்று விழுந்திருந்தது. மற்ற விவரங்கள் எல்லாம் சரியான நிலத்தையே காட்டியதால், எண் பிழை வெறும் விவரப் பிழைதான் என்று நீதிமன்றம் காப்பாற்றிவிட்டது. எண் தவறினால் எல்லை கைகொடுக்கும். எல்லையே தவறும்போது, 'கிழக்குப் பகுதி' என்ற சொல் ஒரு பக்கமும் நான்கெல்லை மறுபக்கமும் இழுக்க, எழுதியவர்களின் எண்ணம் என்ன என்று சாட்சிகளை வைத்துத்தான் நிறுவ வேண்டியிருக்கும்.

இரு தரப்பும் சுமுகமாக இருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் போட்டுச் சரிசெய்யலாம். அதற்கு விற்பவர் மறுபடி வந்து கையெழுத்திட வேண்டும். அவர் இதற்குள் காலமாகியிருந்தால் வாரிசுகள் அனைவரும் வர வேண்டும். அவர்களில் ஒருவர் மறுத்தால், குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 26-வது பிரிவின் கீழ் உரிமையியல் நீதிமன்றம் போய், இது இரு தரப்பின் பொதுப் பிழை என்று நிரூபிக்க வேண்டும்.

## காணாமல்போன 256 சதுர அடி

இரண்டாவது கோளாறு அளவில். 10 சென்ட் என்றால் 4,356 சதுர அடி. வரைவில் உள்ள 50 அடியை 82 அடியால் பெருக்கினால் 4,100 சதுர அடிதான் வருகிறது. 256 சதுர அடி குறைகிறது. சென்ட் 6 லட்சம் என்ற விலையில் அதன் மதிப்பு சுமார் 3½ லட்சம் ரூபாய். உண்மையில் 82 அடி தென்வடல் கொண்ட நிலத்தில் 10 சென்ட் வர, கிழமேல் 53 அடிக்குச் சற்று மேல் வேண்டும். பேச்சுவார்த்தையில் யாரோ 'அம்பது அடி' என்று தோராயமாகச் சொன்னது அப்படியே தாளில் ஏறியிருக்கிறது.

இந்த மூன்றடி எங்கே முடிகிறது என்பதுதான் சிக்கல். வடக்கு, தெற்கு, கிழக்கு மூன்று எல்லைகளும் மற்றவர் நிலத்தாலோ புறம்போக்காலோ நிலைபெற்றவை. விற்பவரின் மீதி நிலத்தை ஒட்டிய எல்லை மட்டும் தாளில் தவிர எங்கும் இல்லை. அங்கே கல் இல்லை, வரப்பு இல்லை, உட்பிரிவு எண்ணும் இல்லை. நாளைக்கு விற்பவர் 50 அடியில் வேலி போட்டால், அது தவறு என்று காட்ட வாங்குபவரிடம் இருப்பது '10 சென்ட்' என்ற ஒரு சொல் மட்டும்தான்.

ஒரே சர்வே எண்ணில் ஒரு பகுதியை வாங்கும்போது செய்ய வேண்டியது, பத்திரத்துக்கு முன்பே நிலத்தை அளப்பது. புலப்பட வரைபடத்தை அரசின் இணைய சேவையில் எடுக்கலாம். விற்பவர் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் அரசு நில அளவரே வந்து எல்லையைக் காட்டுவார். பிரிக்கப்படும் இடத்தில் கல் நட்டு, நான்கு பக்க அளவுகளையும் மீட்டரிலும் அடியிலும் குறித்த வரைபடம் ஒன்றை இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பத்திரத்தோடு இணைக்கலாம். எந்தப் பரப்பைச் சொன்னாலும் அது அளவுகளைப் பெருக்கி வருவதோடு ஒத்துப்போகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

பெட்டி: எல்லையைச் சரிபார்க்க எளிய கணக்கு

- 1 சென்ட் = 435.6 சதுர அடி = சுமார் 40.47 சதுர மீட்டர்
- 1 கிரவுண்டு = 2,400 சதுர அடி
- பட்டாவில் 0.09.50 என்றால் 9.50 ஏர்; 1 ஏர் = 100 சதுர மீட்டர்
- பக்க அளவுகளின் பெருக்கல், பத்திரத்தில் எழுதிய பரப்பு, பட்டாப் பரப்பு ஆகிய மூன்றையும் ஒரே அலகுக்கு மாற்றி ஒப்பிட வேண்டும்
- நிலம் செவ்வகமாக இல்லாவிட்டால் வெறும் நீள அகலம் போதாது. நான்கு பக்கத்தோடு ஒரு மூலைவிட்ட அளவும் வேண்டும்

## வழி எங்கே?

மூன்றாவது கோளாறு 'மாமூல் வழிநடைப் பாத்தியம்'. சாலை மேற்கில் இருக்கிறது. வாங்கும் மனை கிழக்கில். நடுவில் விற்பவரின் மீதி நிலம் 71 அடி நீளத்துக்குக் கிடக்கிறது. இதுவரை முழு நிலமும் ஒருவருடையதாக இருந்ததால் தனியாக ஒரு வழியே கிடையாது. இல்லாத வழிக்கு மாமூல் ஏது?

சட்டம் கைவிட்டுவிடாது. 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் தன் நிலத்தில் உள்பகுதியை விற்று, அதற்கு வேறு வழியே இல்லாமல் போனால், எஞ்சிய நிலத்தின் ஊடே போகும் உரிமை வாங்கியவருக்குக் கிடைக்கும். ஆனால் வழியை எங்கே விடுவது என்று காட்டும் உரிமை விற்றவருக்குத்தான். அது நியாயமான வசதியோடு இருந்தால் போதும். எத்தனை அடி அகலம், ஜல்லி லாரி போகுமா, அடியில் குடிநீர்க் குழாய் பதிக்கலாமா என்பதெல்லாம் சண்டைக்கு உரியவை. மீதி நிலத்தை அவர் மூன்றாமவருக்கு விற்றுவிட்டால் சண்டை புது ஆளோடு.

வரைவில் சேர்க்க வேண்டியது ஒரே வாக்கியம்: சாலையிலிருந்து மனை வரை, மீதி நிலத்தின் வடக்கு ஓரமாக, 12 அடி அகலத்தில், வண்டி வாகனங்கள் போகவரவும் குழாய், மின்கம்பி கொண்டுபோகவும் நிரந்தர உரிமை. பத்திரத்தோடு இணைக்கும் வரைபடத்திலும் அந்தப் பாதையை வண்ணமிட்டுக் காட்டிவிட்டால், மீதி நிலத்தை வாங்க வருபவர் தெரியாது என்று சொல்ல முடியாது.

## 'முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்'

இனி மூன்றாம் பக்கம். 'கிரயத் தொகை ரூ.60,00,000/-ம் இன்று ரொக்கமாகப் பெற்றுக்கொண்டபடியால்' என்கிறது வரைவு. உண்மையில் நடந்ததும் நடக்கப்போவதும் வேறு. ஒப்பந்தத்தின்போது 10 லட்சம் வங்கி மூலம் போயிருக்கிறது. பதிவு அன்று 35 லட்சத்துக்கு டிடி. 50 லட்சமோ அதற்கு மேலோ விலை உள்ள மனை என்பதால் வாங்குபவர் 1 சதவீதம், அதாவது 60 ஆயிரத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். மிச்சம் 14 லட்சத்து 40 ஆயிரத்தை, உட்பிரிவுப் பட்டா வந்தபின் தருவதாக வாய்மொழி ஏற்பாடு.

விற்பவரின் பக்கம் நின்று பார்த்தால், வராத பணத்தை வந்ததாக ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறார். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை சூரத் நில வழக்கு காட்டுகிறது. 2009-ல் 1 கோடியே 74 லட்சத்து 2 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு விவசாய நிலம் விற்கப்பட்டது. 36 காசோலைகளில் பணம் பெற்றதாகப் பத்திரம் சொன்னது. தங்களுக்கு ஆறு காசோலைகளில் வெறும் 40 ஆயிரம்தான் வந்தது, மற்றவை போலி என்று விற்றவர்கள் 2014-ல் வழக்குப் போட்டார்கள். விலையில் ஒரு பகுதி வரவில்லை என்பது பதிவான விற்பனையை ரத்து செய்யக் காரணமாகாது, வழக்கும் காலம் கடந்து வந்திருக்கிறது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்ததை உறுதிசெய்தது.

இதைக் கேட்டு வாங்குபவர் மகிழ்ந்துவிட முடியாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, வராத விலைக்காக அந்த நிலத்தின் மீதே விற்றவருக்கு ஒரு பொறுப்புரிமையைத் தருகிறது. வட்டியும் சேரும். அதைக் கேட்டு வழக்குப் போட 12 ஆண்டு அவகாசம் உண்டு. உரிமையே கைமாறியதா என்ற கேள்வியும் எழலாம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: சாதாரணமாகப் பத்திரம் பதிவானதும் உரிமை மாறிவிடும், பணம் பாக்கி இருந்தாலும்கூட. ஆனால் பணம் வந்தால்தான் உரிமை மாறும் என்பது இரு தரப்பின் எண்ணமாக இருந்தால், பணம் வரும் வரை மாறாது. அந்த எண்ணத்தை முதலில் பத்திர வாசகத்தில்தான் தேடுவார்கள். 'மீதித் தொகை பின்னர் தரப்படும்' என்று தேதியும் விளைவும் இல்லாமல் எழுதுவது இந்தக் கேள்வியை நீதிபதியின் கையில் கொடுப்பதற்குச் சமம்.

'ரொக்கமாக' என்ற சொல்லுக்குத் தனி ஆபத்து. அசையாச் சொத்து விற்பனையில் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது; மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். பெங்களூரு நிலம் ஒன்றுக்கு 75 லட்சம் ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொல்லி வந்த வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு கட்டளையே போட்டது. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கைமாறியதாக வழக்கிலோ பதிவுக்கு வரும் பத்திரத்திலோ இருந்தால், நீதிமன்றமும் பதிவு அலுவலரும் வருமான வரித் துறைக்குத் தகவல் தர வேண்டும். டிடியில் கொடுத்த பணத்துக்குப் பழக்க தோஷத்தில் 'ரொக்கம்' என்று தட்டச்சு செய்த ஒரு சொல், இல்லாத குற்றத்துக்குத் தாமே எழுதிக்கொடுத்த வாக்குமூலம் ஆகிவிடும்.

பெட்டி: தொகை வாசகம் இப்படி இருந்தால் தெளிவு

- ரூ.10,00,000: ஒப்பந்தத் தேதியில் வங்கிப் பரிமாற்றம். தேதி, பரிமாற்ற எண், இரு வங்கிகளின் பெயர்
- ரூ.35,00,000: பதிவு நாளில் டிடி. எண், தேதி, வங்கிக் கிளை
- ரூ.60,000: பிடித்தம் செய்த வருமான வரி. செலுத்திய சான்று எண்
- ரூ.14,40,000: எந்த நாளுக்குள், எது நடந்தால், எந்தக் கணக்கில், தராவிட்டால் எத்தனை சதவீத வட்டி
- உரிமை இன்றே மாறுகிறதா, பாக்கி வந்தபின் மாறுகிறதா என்பது ஒரு தனி வாக்கியமாக

பாக்கி வைக்காமலே முடிப்பது இன்னும் நல்லது. இந்த வரைவில் பாக்கி வைத்ததன் காரணம் அளவில் உள்ள சந்தேகம். பதிவுக்கு முன்பே அளந்துவிட்டால் அந்தக் காரணம் போய்விடுகிறது, மொத்தத் தொகையும் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

## வில்லங்கச் சான்றில் வராதவை

'மேற்படி சொத்தில் எவ்வித வில்லங்க விவகாரமும் இல்லை. பின்னிட்டு ஏற்பட்டால் என் சொந்தப் பொறுப்பில் தீர்த்துக் கொடுப்பேன்.' இந்த வாக்கியம் இல்லாத கிரயப் பத்திரம் தமிழ்நாட்டில் அரிது. எல்லாவற்றையும் உள்ளடக்கியதுபோல் தோன்றும் இந்த வரி, குறிப்பாக எதையுமே சொல்வதில்லை. வரைவில் சொல்லாமல் விட்டது என்ன என்று தேட, மற்ற காகிதங்களை அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

மாதிரி நிலத்தின் வில்லங்கச் சான்றில் 2016-ல் ஒரு பதிவு இருக்கிறது: வங்கியில் மூலப்பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன். கடனை அடைத்தாகிவிட்டது என்கிறார் விற்பவர். வங்கியின் கடிதத்தையும் காட்டுகிறார். ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகவில்லை. முழு 23½ சென்ட் மீதும் இருக்கும் பதிவு, வாங்கும் 10 சென்ட் மீதும் தொடர்கிறது. நாளை இந்த மனையை வைத்து வீட்டுக் கடன் கேட்டால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ரசீது ஆவணம் முதலில் பதிவாகி, அதன் எண்ணும் ஆண்டும் வரைவில் ஏற வேண்டும்.

இது சான்றில் தெரிகிற வில்லங்கம். தெரியாதவைதான் அதிகம் வலிக்கும். வரைவு சொல்கிறது: 'இச்சொத்து என் தகப்பனார் 1987-ல் கிரயம் பெற்று, அவர் காலத்துக்குப் பின் வாரிசு முறையில் எனக்குப் பாத்தியப்பட்டு, என் பெயரில் பட்டா ஏற்பட்டு...' தகப்பனார் 2009-ல் உயில் எழுதாமல் இறந்தார். அவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள். அம்மா மகனோடு இருக்கிறார்; அக்கா கல்யாணமாகி வேறு ஊரில். வரைவில் இவர்கள் இருவரும் இல்லை.

தகப்பனார் தானே சம்பாதித்து வாங்கிய சொத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. மகனின் பங்கு மூன்றில் ஒன்று, அதாவது 7.8 சென்ட். அவர் விற்பதோ 10 சென்ட். தன் பங்கைவிட அதிகமாக விற்கிறார் என்பது மட்டுமல்ல. பாகம் பிரியாத நிலத்தில் 'கிழக்குப் பகுதி என்னுடையது' என்று சுட்டிக்காட்டவே அவருக்குத் தனி உரிமை இல்லை. பட்டா அவர் பெயரில் மட்டும் இருக்கிறதே என்றால், பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது உரிமையை உருவாக்குவதில்லை. அக்கா பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் வாங்கியவரும் பிரதிவாதி. அதிகபட்சமாக, விற்றவரின் பங்கை இந்த மனையின் பக்கம் ஒதுக்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அப்போதும் 2 சென்ட்டுக்கு மேல் துண்டு விழும்.

அக்காவின் பங்கு எந்தப் பதிவிலும் இல்லை என்பதால் வில்லங்கச் சான்று வெள்ளையாகவே இருக்கும். சான்று சொல்வது பதிவான பரிவர்த்தனைகளை மட்டும். அதுவும் பத்திரங்களில் எழுதப்பட்ட சர்வே எண்ணை வைத்து. உட்பிரிவு ஏற்படும் முன் 142 என்ற எண்ணில் பதிவானது, 142/3 என்று மட்டும் தேடினால் விடுபடலாம். பழைய, புதிய எண்கள் இரண்டிலும் தேட வேண்டும்.

பெட்டி: சான்று வெள்ளையாக இருந்தும் இருக்கக்கூடியவை

- வாரிசுகளின் பிரிக்கப்படாத பங்கு
- நிலுவையில் உள்ள வழக்கு. வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் தீர்ப்பு கட்டும். நீதிமன்ற இணையதளத்தில் விற்பவர் பெயரில் தேடலாம்
- குத்தகைக்காரர், குடியிருப்பவர். நிலத்தில் ஒருவர் இருக்கிறார் என்றால் அவருடைய உரிமை வாங்குபவருக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்
- வரி பாக்கி, கையகப்படுத்தல் அறிவிப்பு
- வேறொருவரோடு போட்ட, பதிவாகாத விற்பனை ஒப்பந்தம்

கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். 2012-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின்படி விற்பனை ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாத ஒப்பந்தம் செல்லாக்காசு என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தையும், அதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதுவும் தமிழ்நாட்டு வழக்கில். விற்பவர் ஆறு மாதம் முன்பு இன்னொருவரிடம் முன்பணம் வாங்கி வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தால், அந்த ஆள் நீதிமன்றம் வரலாம். அது தெரியாமல், நல்லெண்ணத்தோடு, விலை கொடுத்து வாங்கியவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. தெரியாது என்பதை நிலைநாட்டுவது அவர் பொறுப்பு. 'யாரோடும் விற்பனை ஒப்பந்தம் போடவில்லை, யாரிடமும் முன்பணம் பெறவில்லை' என்று விற்பவர் பத்திரத்தில் தனித்துச் சொல்லும் வரி அப்போது பயன்படும்.

ஆகவே அந்தப் பொது உறுதிமொழியை உடைத்து எழுத வேண்டும். கடன் ஒரு வரி, வழக்கு ஒரு வரி, குத்தகை ஒரு வரி, ஒப்பந்தம் ஒரு வரி, வாரிசுகள் ஒரு வரி. பொதுவாகச் சொல்வதற்குத் தயங்காத விற்பவர், இப்படித் தனித்தனியாகக் கேட்கும்போது சில இடத்தில் நின்று யோசிப்பார். எந்த இடத்தில் நின்றார் என்பதுதான் வாங்குபவர் தோண்டிப் பார்க்க வேண்டிய இடம். 'தீர்த்துக் கொடுப்பேன்' என்ற பொறுப்பேற்பும் கையில் பணமோ சொத்தோ இருப்பவரிடம் மட்டுமே செல்லும். 60 லட்சத்தை வாங்கிச் செலவழித்துவிட்டவர் மீது ஐந்து ஆண்டு கழித்துப் பெறும் தீர்ப்பு, சட்டகத்தில் போட்டு மாட்டத்தான் ஆகும்.

## டோக்கனைத் தள்ளிவைத்தால்

மாதிரி வரைவைச் சரிசெய்ய ஆகும் வேலையை வரிசையாகப் பார்க்கலாம். அளவர் வந்து மேற்கு எல்லையில் கல் நடுவது. வங்கி ரசீது ஆவணத்தைப் பதிவு செய்வது. அம்மாவும் அக்காவும் மகனோடு சேர்ந்து கிரயம் கொடுப்பவர்களாகக் கையெழுத்திடுவது, அல்லது தங்கள் பங்கை முன்பே விடுதலைப் பத்திரம் மூலம் அவருக்குப் பதிவு செய்துகொடுப்பது. இவற்றுக்குச் சில வாரங்கள் பிடிக்கும். ஒப்பந்தக் கெடு அதற்குள் முடிந்தால், கெடுவை நீட்டித்து இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். புது வரைவு வந்ததும், பதிவுத் துறை இணையதளத்தில் எழுத்தர் உள்ளிடும் சர்வே எண், பரப்பு, எல்லை மூன்றும் தாளில் உள்ளவையேதானா என்று திரையிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். வருங்கால வில்லங்கச் சான்று அந்தப் பதிவுகளிலிருந்துதான் வரும்.

விற்பவர் எதற்கு மறுக்கிறார் என்பதும் ஒரே எடை அல்ல. 12 அடிப் பாதைக்குப் பதில் 10 அடி என்றால் பேசித் தீர்க்கலாம். பாக்கிக்கு வட்டி கூட்டிக் கேட்டால் பேசலாம். அக்காவைக் கூட்டிவர மாட்டேன் என்றால் அங்கே பேரம் இல்லை, 7.8 சென்ட்டுக்குரியவரிடம் 10 சென்ட் வாங்க முடியாது.

அந்த நிலையில் கொடுத்த 10 லட்சம் என்ன ஆகும்? வாங்குபவர் காரணமின்றிப் பின்வாங்காதவரை, விலைக்காக முன்கூட்டிக் கொடுத்த பணத்துக்கு அந்த நிலத்தில் விற்பவருக்கு உள்ள பங்கின் மீது அவருக்கும் பொறுப்புரிமை உண்டு என்கிறது அதே 55-வது பிரிவு. உரிமைக் குறையைச் சுட்டிக்காட்டி விலகியதற்கு எழுத்து ஆதாரம் வேண்டும். அதனால் வரைவில் கேட்ட திருத்தங்களை வாய்மொழியாகச் சொல்லாமல், தேதியிட்டுப் பதிவுத் தபாலிலோ வழக்கறிஞர் அறிவிப்பாகவோ அனுப்ப வேண்டும். ஒப்பந்தம் பதிவாகியிருந்து, முன்பணம் வங்கி வழியே போயிருந்தால் அதை மீட்பது ஒப்பீட்டளவில் எளிது.